ஹெட்டுக்குத் தமிழ் 'தலை' அல்ல

புதுப் பம்ப் வந்து இறங்கும்போது கூடவே ஒரு தாளும் வரும். மேல் பாதியில் பத்துப் பதினைந்து வரி எண்கள். கீழ்ப் பாதியில் கட்டம் போட்ட ஒரு படம், அதில் மூன்று நான்கு கோடுகள். அசல் நகராட்சிக் கோப்புக்குள் போய்விடும். நகல் ஒன்றை நீரேற்று நிலையத்தில் பேனல் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவார்கள். இரண்டு வருடத்தில் அது பழுப்பேறும். அதன் மேல் யாராவது மின்வாரிய அலுவலக எண்ணைப் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். பம்பை இரவு பகலாக ஓட்டுகிற ஆபரேட்டர் அந்தத் தாளை ஒருமுறைகூடப் படித்திருக்கமாட்டார்.

ஆங்கிலம் ஒரு காரணம்தான். 'தமிழில் போட்டுக் கொடுத்துவிடலாமே' என்று ஒரு நாள் யாருக்காவது தோன்றும். பார்த்தால் முப்பது சொல்கூட இல்லை; அரை மணி நேர வேலை போலத் தெரியும். உட்கார்ந்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தை வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயர் வேண்டாம். இது கற்பனை நிலையம், எண்கள் மட்டும் அந்த அளவுப் பம்புகளுக்கு வழக்கமாக வரக்கூடியவை. ஆற்று நீர் ஊறி நிற்கும் ஒரு கிணறு. கிணற்று மேடையில் மையவிலக்குப் பம்ப், 50 குதிரைத்திறன் மோட்டார். தாளில் உள்ள முக்கிய எண்கள் நான்கு: மணிக்கு 180 கன மீட்டர் தண்ணீர், 42 மீட்டர் ஹெட், 76 சதவீத எஃபிஷியன்சி, 3.2 மீட்டர் என்.பி.எஸ்.எச். ஊர்க்காரர்களின் கணக்கில் சொன்னால் நிமிடத்துக்கு 3,000 லிட்டர். ஒரு நாளில் 22 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 40 லட்சம் லிட்டர்.

ஹெட்டிலிருந்து தொடங்கலாம். அகராதியைத் திறந்தால் 'தலை' என்று இருக்கும். 'மொத்தத் தலை 42 மீட்டர்' என்று அச்சடித்த தாள் சுவரில் ஏறினால் அன்றைக்கு ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு நல்ல சிரிப்பு. கொஞ்சம் யோசிப்பவர்கள் 'உயரம்' என்று எழுதுவார்கள். அது சிரிப்பு மூட்டாது, ஆனால் ஏமாற்றும். 42 மீட்டர் உயரம் என்றதும் ஆபரேட்டர் மேல்நிலைத் தொட்டியைத்தான் அண்ணாந்து பார்ப்பார். தொட்டியின் நீர்மட்டமோ பம்பிலிருந்து 24 மீட்டர்தான். கிணற்றில் தண்ணீர் 4.8 மீட்டர் கீழே இருக்கிறது. இரண்டையும் கூட்டினாலும் 29 வரவில்லை. பாக்கி 13 மீட்டர் எங்கே? குழாயில். தண்ணீர் ஓடும்போது குழாய்ச் சுவர், பெண்டு, வால்வு எல்லாவற்றிலும் உரசித் தேய்கிறதே, அதற்குக் கொடுக்கும் விலையையும் மீட்டரிலேயே சொல்வது பம்ப் தொழிலின் வழக்கம்.

ஆகவே ஹெட் என்பது பம்ப் தண்ணீருக்கு ஏற்றிக் கொடுக்கும் மொத்த அழுத்தம்; அதைத் தண்ணீர்த் தூணின் உயரமாக அளந்து சொல்கிறார்கள். 'ஏற்றுயரம்' என்றொரு சொல்லைச் செய்யலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூர்ப் பம்ப் கடையில் வாங்க வருகிறவர் 'எத்தனை அடி ஹெட்டு தள்ளும்?' என்றுதான் கேட்கிறார். அந்தச் சொல் ஏற்கெனவே தமிழில் குடிவந்துவிட்டது. அதைக் காலி செய்யச் சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலையில்லை. அதன் பொருளைத் தெளிவாக்குவதுதான் வேலை. தாளில் இப்படி எழுதலாம்: 'மொத்த ஹெட்: 42 மீட்டர். தூக்கும் உயரமும் குழாய் உராய்வும் சேர்ந்தது.' கூடவே, கடைப் பேச்சில் ஹெட் அடியில் வரும், தாளில் மீட்டரில் இருக்கும் என்பதையும் ஒரு வரி குறிக்க வேண்டும். 42 மீட்டர் என்பது ஏறக்குறைய 138 அடி.

அந்த வரியோடும் நிறுத்த முடியாது. ஆபரேட்டர் முன்னால் மீட்டர் காட்டும் கருவி எதுவும் இல்லை. பிரஷர் கேஜ்தான் இருக்கிறது. அதில் அவர் பார்ப்பது 'கிலோ': ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதன் பேச்சுச் சுருக்கம். 'மூணரை கிலோ பிரஷர் நிக்குது' என்பார். ஒரு கிலோ என்பது 10 மீட்டர் தண்ணீர்த் தூண். டெலிவரி கேஜில் 3.6 கிலோ என்றால் 36 மீட்டர். உறிஞ்சும் பக்கத்துக்கு ஏறக்குறைய 6 மீட்டர். கூட்டினால் 42. இந்தக் கூட்டல் தாளில் இருந்தால்தான் 'ஹெட்' என்ற சொல் கேஜ் முள்ளோடு சேரும். இல்லாவிட்டால் அது சுவரிலேயே நின்றுவிடும்.

அடுத்த தகராறு 'திறன்'. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் வேலையைக் காலத்தால் வகுத்தால் வருவது திறன், வாட்டில் அளப்பது. மோட்டாரின் மேல் எழுதியிருப்பது குதிரைத்திறன். பம்ப் எப்படி ஓடுகிறது என்று காட்டும் படத்துக்குச் 'செயல்திறன் வரைபடம்' என்று பெயர் வைப்பார்கள். எஃபிஷியன்சிக்குப் பாடநூல் சொல் பயனுறு திறன். அவசரத்தில் அதுவும் வெறும் 'திறன்' ஆகிவிடும். தாளில் 'கபாசிட்டி' என்று ஒரு வரி இருக்கும். அதைக் 'கொள்திறன்' என்று பெயர்த்தவர்களும் உண்டு. ஆக ஒரே பக்கத்தில் ஐந்து திறன்கள், ஐந்துக்கும் ஐந்து பொருள்.

இதில் கபாசிட்டி மோசமான குழி. தொட்டிக்கு அது கொள்ளளவு. பம்புக்கோ ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பது. 'கொள்ளளவு 180 கன மீட்டர்' என்று எழுதினால், பம்புக்குள் அவ்வளவு தண்ணீர் பிடிக்குமா என்று கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. 'தள்ளும் அளவு: மணிக்கு 180 கன மீட்டர்' என்பது பாமரமாகத் தெரியலாம். ஆனால் பிழைபட இடமில்லை.

இணையத்தில் கலைச்சொல் தேடுபவருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கும். இலங்கைத் தமிழில் வாட்டில் அளப்பது வலு, எஃபிஷியன்சி வினைத்திறன், பம்ப் பம்பி. அந்த ஏற்பாட்டில் குழப்பம் இல்லை, வலு வேறு, வினைத்திறன் வேறு என்று பளிச்சென்று பிரிகிறது. தமிழ்நாட்டு ஏற்பாட்டைவிடச் சுத்தம் என்றே சொல்லலாம். ஆனால் ஒரு சொல்லை அங்கிருந்தும் மறு சொல்லை இங்கிருந்தும் எடுத்து ஒரே தாளில் கலந்தால் தொலைந்தது. நம் நிலையத்துத் தாளில் 'திறன்' என்ற சொல்லை மோட்டாரின் குதிரைத்திறனுக்கு மட்டும் விட்டுவிட்டு, எஃபிஷியன்சியைப் 'பயன் சதவீதம்' என்று எழுதலாம்.

அந்த 76 சதவீதத்தையும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்து 'பம்பில் 24 சதவீதம் பழுது' என்று நினைத்தவர்கள் உண்டு. '100 லிட்டருக்கு 76 லிட்டர்தான் மேலே போகும்' என்று நினைத்தவர்களும் உண்டு. இரண்டும் தவறு. பம்பின் தண்டுக்கு மோட்டார் கொடுக்கும் சக்தியில் 76 பங்கு தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது, மற்றது சுழல், உரசல், சூடு என்று கரைகிறது. இந்த அளவுப் பம்புக்கு 76 நல்ல எண்தான். கணக்கு போட ஒரு வாய்பாடு இருக்கிறது:

```
P = Q × H ÷ (367 × η)
180 × 42 ÷ (367 × 0.76) = 27.1 kW
```

இது பம்பின் தண்டில் வேண்டிய கிலோவாட். மோட்டாருக்கும் இழப்பு உண்டு. அது 92 சதவீதம் என்று வைத்தால் மின்கம்பியிலிருந்து எடுப்பது ஏறக்குறைய 29.5 கிலோவாட். மீட்டரில் ஏறுவது இதுதான், 27.1 அல்ல. தமிழ்த் தாளில் 'பம்பின் பயன் சதவீதம், மோட்டார் நீங்கலாக' என்று இரண்டு சொல் கூடுதலாகப் போடாவிட்டால் மின்கட்டணத்தோடு ஒப்பிடுபவர் குழம்புவார்.

இனிப் படம். கிடை அச்சில் தள்ளும் அளவு, நிமிர்ந்த அச்சில் ஹெட். ஹெட் கோடு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரியும்: தண்ணீர் அதிகம் போகப்போக, தள்ளும் உயரம் குறையும். பயன் சதவீதக் கோடு ஒரு குன்று போல ஏறி, உச்சி தொட்டு, இறங்கும். குன்றின் உச்சிக்கு நேர் கீழே உள்ள அளவில் ஓடும்போதுதான் பம்ப் நிம்மதியாக ஓடுகிறது. நம் பம்புக்கு அது 180-ஐ ஒட்டி. அடியில் ஒரு கோடு படுத்துக்கிடந்து, வலப்பக்கம் போகப்போக வேகமாக மேலேறும். அதுதான் என்.பி.எஸ்.எச். கோடு. அது பின்னால் வருகிறது.

படத்தை மொழிபெயர்க்கும்போது எழுத்துரு ஒரு வினையைச் செய்யும். பயன் சதவீதத்துக்கு உலகெங்கும் கிரேக்க எழுத்து η-தான் குறி. பழைய கோப்புகளில் அதைச் 'சிம்பல்' என்ற எழுத்துருவில் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துருவில் η உட்கார்ந்திருக்கும் இடம் சாதாரண h-ன் இடம். கோப்பை நகலெடுத்துத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிய உடனே η மறைந்து h ஆகிவிடும். பக்கத்திலேயே ஹெட்டுக்கான H. இப்போது ஒரு படத்தில் பெரிய H ஒன்று, சின்ன h ஒன்று. ஒன்று மீட்டர், ஒன்று சதவீதம். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு குறியையும் அசல் தாளோடு ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வைத்தியம் இல்லை. குறிகளை மட்டும் தமிழாக்காமல் அப்படியே விடுவது நல்லது. பம்ப் நிறுவனத்தின் மெக்கானிக் வந்து நின்றால் அவர் தேடுவது அந்தக் குறிகளைத்தான்.

என்.பி.எஸ்.எச். என்பதன் நான்கு சொல்லையும் வரிசையாகப் பெயர்த்தால் 'நிகர நேர்மறை உறிஞ்சு தலை' என்று வரும். இதைப் படித்து யாருக்கும் எதுவும் புரியாது, புரியாததுகூட ஆபத்தில்லை. புரிந்ததாக நினைப்பதுதான் ஆபத்து. நம் நிலையத்தில் இளம் பொறியாளர் ஒருவர், இருபது வருடமாகப் பம்ப் ஓட்டுகிற மூத்த ஆபரேட்டரிடம் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கிறார் என்று வைப்போம்.

"அண்ணே, இதுல 3.2 மீட்டர்னு போட்டிருக்கே, என்ன சொல்லுதுன்னு நினைக்கிறீங்க?"

"சக்‌ஷன்னு எழுதியிருக்கு, மீட்டர்னு இருக்கு. மூணேகால் மீட்டர் ஆழத்துலேர்ந்து இழுக்கும்னு சொல்லுது. அவ்வளவுதான சார்?"

பலரும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை கிட்டத்தட்டத் தலைகீழ். இந்த எண் பெரிதாக இருந்தால் பம்ப் அதிக ஆழத்திலிருந்து இழுக்கும் என்று பொருளல்ல. குறைந்த ஆழத்திலிருந்துதான் இழுக்க முடியும் என்று பொருள்.

ஏன் என்பதற்கு 'இழுப்பது' என்ற சொல்லையே கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. வாயில் சின்ன வெற்றிடத்தை உண்டாக்குகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுமண்டலம்தான் தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளிவிடுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அந்தத் தள்ளு 10.3 மீட்டர் தண்ணீர்த் தூணுக்குச் சமம். நூறு மீட்டர் உயரத்திலுள்ள சமவெளி ஊரில் ஏறக்குறைய 10.2. கையிருப்பு இவ்வளவுதான்; எவ்வளவு விலையுள்ள பம்ப் வாங்கினாலும் கூடாது.

இதை ஒரு சம்பளச் சீட்டைப் போலப் பார்த்தால் எளிது. மொத்தச் சம்பளம் 10.2. முதல் பிடித்தம், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க விட்டுவைக்க வேண்டியது: 30 பாகை செல்சியஸில் 0.4 மீட்டர். அடுத்த பிடித்தம், கிணற்று நீர் பம்பின் மையத்துக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ அது: கோடையில் 4.8. மூன்றாவது, ஃபுட் வால்வு, வடிகட்டி, உறிஞ்சு குழாய் ஆகியவற்றின் உராய்வு: 0.8. எல்லாம் போகப் பம்பின் வாய்க்கு வந்துசேருவது 4.2 மீட்டர். ஆங்கிலத்தில் 'நிகர' என்பது இந்தக் கைக்கு வரும் தொகைதான். பம்புக்கு உள்ளே செலவு 3.2, அதுதான் தாளில் அச்சிட்டிருக்கும் எண். பாக்கி 1 மீட்டர்.

ஆகவே இரண்டு எண்கள் இருக்கின்றன. பம்ப் கேட்பது ஒன்று, இடம் கொடுப்பது ஒன்று. பம்ப் கேட்பதை மட்டும்தான் தயாரிப்பாளர் தாளில் எழுத முடியும். இடம் கொடுப்பதை நிலையத்தில்தான் கணக்கிட வேண்டும். இதே பம்பை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்குக் கொண்டுபோனால் மொத்தச் சம்பளமே 7.9 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். பம்பும் மாறவில்லை, தாளும் மாறவில்லை. அதே 4.8 மீட்டர் ஆழத்தில் கைக்கு இரண்டு மீட்டர்கூட வராது.

தமிழ்த் தாளுக்கு 'இருப்பு' என்ற சொல் பொருத்தமாக அமைகிறது. 'பம்ப் வாயில் வேண்டிய இருப்பு', 'பம்ப் வாயில் கிடைக்கும் இருப்பு'. வங்கிப் புத்தகமும் ரேஷன் கடையும் பழக்கிவைத்த சொல் என்பதால் வேண்டியது பெரிதா, கிடைப்பது பெரிதா என்ற கேள்வி தானாகவே எழும். 'உறிஞ்சு' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிடலாம். ஆழம் என்ற நினைப்பைக் கிளப்புவதே அதுதான்.

'வேண்டிய' என்பதிலும் ஒரு பொடி இருக்கிறது. சோதனைக் கூடத்தில் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், வாயில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். பம்பின் ஹெட் 3 சதவீதம் விழும் இடத்தில் நிறுத்தி, அந்த அளவைத் தாளில் போடுவார்கள். அதாவது 3.2 இருந்தால் பம்ப் சுகமாக ஓடும் என்பதல்ல, 3.2-க்கு வரும்போதே உள்ளே குமிழிகள் உருவாகி, ஹெட்டில் கைவைத்துவிட்டன என்பது பொருள். ஆகவே தமிழ் வரியில் 'குறைந்தபட்சம்' என்றால் போதாது. 'இந்த அளவிலேயே பம்ப் தடுமாறும். இதைவிட அரை மீட்டராவது கூடுதலாக வேண்டும்' என்று எழுத வேண்டியிருக்கிறது. அசல் தாளில் இந்த வரி இல்லை. நேர்மையான மொழிபெயர்ப்பாளர் அதை அடிக்குறிப்பாக, பொறியாளரின் ஒப்புதலோடு, வேறு நிறத்தில் சேர்ப்பார். அந்த அரை மீட்டர் எவ்வளவாக இருக்கலாம் என்பது பம்புக்குப் பம்ப் மாறும். தயாரிப்பாளரைக் கேட்டுப் போடுவது உத்தமம்.

இருப்பு தீர்ந்தால் என்ன ஆகும்? பம்பின் வாயில் அழுத்தம் மிகவும் விழுந்து, 30 பாகையிலேயே தண்ணீர் கொதிக்கும். அடுப்பு இல்லாத கொதிப்பு. இம்பெல்லரின் கண்ணில் ஆவிக் குமிழிகள் பிறக்கும். அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் நொடியில் உடையும். ஒவ்வொரு உடைப்பும் உலோகத்தின் மேல் ஒரு நுண்ணிய சுத்தியல் அடி. பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போலச் சத்தம் கேட்கும், கேஜ் முள் நடுங்கும், சில மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால் இம்பெல்லரின் இதழ்களில் கரையான் அரித்த மாதிரிக் குழிகள் தெரியும். உறிஞ்சு குழாய் மூட்டிலோ கிளாண்டிலோ காற்று புகுந்தாலும் சத்தம் மாறும், முள் ஆடும். இரண்டையும் பிரித்தறிய ஆபரேட்டருக்கு ஒரு சோதனை உண்டு. டெலிவரி வால்வை மெல்ல மூடிக்கொண்டே வர வேண்டும். தண்ணீர் குறையக் குறையச் சரளைச் சத்தம் அடங்கினால், குறை இருப்பில். அடங்காவிட்டால் ஃபிளாஞ்ச் மூட்டுகளில் கிரீஸ் அப்பிப் பார்க்கலாம். சத்தம் மாறினால் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. எந்தக் காரணத்துக்காகவும் உறிஞ்சு பக்க வால்வை மூடக்கூடாது. அது பிடித்தத்தைக் கூட்டுகிற வேலை.

வால்வை மூடினால் ஏன் சத்தம் அடங்குகிறது என்பதற்கு விடை, அடியில் படுத்திருந்து வலப்பக்கம் எழும்பும் அந்தக் கோட்டில் இருக்கிறது. கோடையில் ஊரின் தாழ்வான பகுதியில் தண்ணீர்ப் பஞ்சம். மேல்நிலைத் தொட்டியை விட்டுவிட்டு நேராகத் தரைத்தொட்டிக்கு விடச் சொல்கிறார்கள். ஆபரேட்டர் வால்வை முழுக்கத் திறக்கிறார். தூக்க வேண்டிய உயரம் குறைந்ததால் ஹெட் 30 மீட்டருக்கு இறங்குகிறது. தள்ளும் அளவு மணிக்கு 240 கன மீட்டராக ஏறுகிறது. தண்ணீர் கூடுதலாக வருகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. படத்திலோ பம்ப் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. அந்த இடத்தில் வேண்டிய இருப்பு 3.2 அல்ல, 5.8. கிடைப்பதும் குறைந்திருக்கிறது. நீரோட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியதால் உறிஞ்சு குழாய் உராய்வு 0.8-லிருந்து 1.4 ஆகிவிட்டது. 10.2-ல் 0.4, 4.8, 1.4 போக மிஞ்சுவது 3.6. வேண்டியது 5.8. பற்றாக்குறை 2.2 மீட்டர்.

இம்பெல்லர் போன பிறகு 'மட்டமான வார்ப்பு' என்று பம்பைத் திட்டுவது வழக்கம். பம்பை வாங்கியது 180-க்கு, ஓட்டியது 240-ல்.

நிலையத்தில் ஃபுளோ மீட்டர் இல்லை, அல்லது இருந்தும் ஓடவில்லை என்றாலும் ஆபரேட்டரால் இந்த நகர்வைக் கண்டுபிடிக்க முடியும். டெலிவரி கேஜ் 3.6 கிலோவிலிருந்து ஏறக்குறைய 2.3-க்கு விழும். வேக்கம் கேஜ் பாதரசக் கணக்கில் 420 மில்லிமீட்டரிலிருந்து 470-க்கு ஏறும். அம்மீட்டரில் 48 ஆம்பியர் 52 ஆகும். மோட்டாருக்கு அது பெரிய சுமையில்லை என்பதால் ரிலேயும் விழாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். மூன்று முள்ளையும் சேர்த்துப் படித்தால் மட்டுமே விஷயம் தெரியும். ஆகவே தமிழ்த் தாளில் படத்தின் கீழே, அசலில் இல்லாத ஒரு சின்னக் கட்டம் வேண்டும்: இடப்பக்கம் படத்தில் உள்ள இடம், வலப்பக்கம் அந்த இடத்தில் மூன்று முட்களும் காட்டும் எண்கள். 180-க்கு ஒரு வரி, 240-க்கு ஒரு வரி, இரண்டாவது சிவப்பில்.

வேக்கம் கேஜ் கண்ணாடியில் 450-ல் ஒரே ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 180-ல் ஓடும்போது அந்தக் கோடு சரி. 450-ஐத் தாண்டினால் மிச்சம் அரை மீட்டரை நெருங்குகிறது. 240-ல் ஓடினால் முள் 270-க்கு மேல் போகவே கூடாது. மழைக்காலத்தில் கிணறு நிறைந்து பம்பிலிருந்து 3 மீட்டரில் தண்ணீர் நின்றாலும் 240-ல் முள் அதைத் தாண்டிவிடும். ஒற்றைச் சிவப்புக் கோடு, வால்வை முழுக்கத் திறந்தவருக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுக்கும்.

ஒப்பந்தம், ஏற்புச் சோதனை, உத்தரவாத எண்கள் என்று வரும்போது அசல் தாள்தான் செல்லும் என்பதைத் தமிழ்த் தாளின் தலைப்பிலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும். இது சம்பிரதாயம், ஆனால் விட்டுவிட்டால் வழக்கு வரை போகும்.

மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க, ஆங்கிலம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடச் சொல்வது ஒரு முறை. நீரேற்று நிலையத்துக்கு அது போதாது. தாளை ஆபரேட்டர் கையில் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், இரண்டு கேள்வி கேட்க வேண்டும். டெலிவரி 3.6, வேக்கம் 430: ஓட்டலாமா? டெலிவரி 2.3, வேக்கம் 470: என்ன செய்வீர்கள்? முதலாவதுக்கு 'ஓட்டலாம், கவனமா பாக்கணும்' என்றும், இரண்டாவதுக்கு 'டெலிவரி வால்வைக் குறைப்பேன், 3.6 வர்ற வரைக்கும்' என்றும் பதில் வந்தால் தாள் தேறிவிட்டது. 'கேஜ் கெட்டுப்போச்சு' என்று பதில் வந்தால் தாளை மறுபடி எழுத வேண்டும்.

நம் மூத்த ஆபரேட்டருக்கு அந்தச் சோதனையை வைத்தால், இரண்டு கேள்விக்கும் சரியாகச் சொல்லிவிட்டு இன்னொன்றைக் கேட்பார்.

"எல்லாம் சரி சார். ஆனா ராத்திரில வேக்கம் கேஜ் முள்ளு தெரியாது, கண்ணாடி பனி பிடிச்சிருக்கும். நான் டார்ச் அடிச்சுக் கிணத்துப் படியத்தான் பாப்பேன். எத்தனாவது படி தெரிஞ்சா நிறுத்தணும்னு இதுல போடலாமா?"

கிணற்றுச் சுவரில் பதித்த இரும்புப் படிகள் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. மழைக்கால மட்டம் 3 மீட்டர் என்றால், அங்கிருந்து ஆறு படி இறங்கினால் 4.8, ஏழாவது படியில் 5.1. 180-ல் ஓடும் பம்புக்கு அங்கே வேக்கம் கேஜ் 445-ஐ ஒட்டி நிற்கும், பம்ப் வாயில் கிடைக்கும் இருப்பு 3.9. பொறியாளர் பேனாவை எடுத்து 'வேண்டிய இருப்பு' என்ற வரிக்குக் கீழே எழுதுகிறார்: 'ஏழாவது படி தெரிந்தால் டெலிவரி வால்வைக் குறைத்துவிட்டு எனக்குப் போன் செய்யவும்.'